அணைக்கும்போது மட்டும் ஏன் பொறி?

"ரிலேயை ஆன் செய்யும்போது எதுவும் ஆவதில்லை. ஆஃப் செய்யும்போது மட்டும் சுவிட்சுக்குள் பளிச்சென்று ஒரு பொறி தெரிகிறது. நான் வைத்திருப்பதோ வெறும் 12 வோல்ட் பேட்டரி. பொறி பறக்கிற அளவுக்கு வோல்டேஜ் எங்கிருந்து வருகிறது?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

நல்ல கேள்வி. இதே கேள்வியை என்னிடம் ஒரு டிரான்சிஸ்டர் தன் உயிரைக் கொடுத்துக் கேட்டது. ரிலேயை ஓட்ட அதைப் போட்டிருந்தேன். ஆன் செய்தபோதெல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. நாலைந்து முறை ஆஃப் செய்ததும் போய்விட்டது. டேட்டா ஷீட்டை எடுத்து மின்னோட்டம், வெப்பம் என்று எதையெதையோ சரிபார்த்தேன். எல்லாம் வரம்புக்குள்தான் இருந்தது. பார்க்க வேண்டியதை மட்டும் பார்க்கவில்லை.

ரிலேயின் உள்ளே இருப்பது இரும்புத் துண்டின் மேல் மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றிய ஒரு காயில். மின்சாரம் பாய்ந்தால் அது காந்தமாகி, ஒரு சின்ன இரும்புத் தகட்டை இழுத்து வேறொரு சுவிட்சை மூடும். கம்பி நீளமாக இருப்பதால் அதற்கு மின்தடை உண்டு. சுருளாக இருப்பதால் அது மின்தூண்டியாகவும் நடந்துகொள்ளும். கணக்குக்கு வசதியாக மின்தடை 120 ஓம், மின்தூண்டல் எண் 0.6 ஹென்றி என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட் ரிலேக்கு இவை நம்பக்கூடிய எண்கள்தான். இந்தச் சுற்றின் மொத்தக் கதையும் ஒரு வரிதான்:

```
V = R·i + L·(di/dt)
```

பள்ளியில் இதை முதல் வரிசை வகைக்கெழுச் சமன்பாடு என்று சொல்லித்தந்து, உடனே தொகையிடப் போய்விடுவார்கள். கொஞ்சம் நின்று படிக்கலாம். பேட்டரி தருகிற 12 வோல்ட்டுக்கு இரண்டு பங்காளிகள். மின்தடை தன் பங்கை 'எவ்வளவு மின்னோட்டம் ஓடுகிறது' என்று பார்த்துக் கேட்கும். மின்தூண்டிக்கு அந்தக் கவலை இல்லை; 'மின்னோட்டம் எவ்வளவு வேகமாக மாறுகிறது' என்பதை மட்டும் பார்த்துத் தன் பங்கைக் கேட்கும். இரண்டும் சேர்ந்து எப்போதும் 12 வர வேண்டும்.

சரி, சுவிட்சைப் போடுகிறோம். அந்த நொடியில் மின்னோட்டம் சுழி, ஆகவே மின்தடைக்குப் பங்கு இல்லை. 12 வோல்ட்டும் மின்தூண்டிக்கே. 12-ஐ 0.6-ஆல் வகுத்தால் 20. அதாவது மின்னோட்டம் நொடிக்கு 20 ஆம்பியர் வீதத்தில் ஏறத் தொடங்குகிறது. கேட்கப் பெரிதாக இருந்தாலும் மில்லிநொடிக்கு 20 மில்லி ஆம்பியர்தான். ஒரு மில்லிநொடி கழித்து 20 மில்லி ஆம்பியர். இப்போது மின்தடை 2.4 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதி 9.6 வோல்ட். எனவே அடுத்த மில்லிநொடியில் 16 மில்லி ஆம்பியர்தான் கூடும், மொத்தம் 36. அதற்கடுத்து 12.8 கூடி, 48.8.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று இருக்கிறது. மின்னோட்டம் கடைசியில் போய்ச் சேர வேண்டிய இடம் 12-ஐ 120-ஆல் வகுத்தால் கிடைக்கும் 100 மில்லி ஆம்பியர். ஓடுகிற மின்னோட்டத்தை விட்டுவிட்டு, 100-க்கு இன்னும் எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள்: 100, 80, 64, 51.2. ஒவ்வொரு படியிலும் பாக்கியில் ஐந்தில் ஒரு பங்கு அடைகிறது. கடன் குறையக் குறைய, அடைக்கும் தவணையும் அதே விகிதத்தில் குறைகிறது. அதனால் முழுதாக அடைந்து முடிவதே இல்லை.

இப்படி ஐந்து படி போனால் பாக்கி 32.8. ஆனால் நாம் கொஞ்சம் ஏமாற்றிவிட்டோம். ஒரு மில்லிநொடி முழுக்க வேகம் மாறாது என்று வைத்துக் கணக்குப் போட்டோம். உண்மையில் அந்த மில்லிநொடிக்குள்ளேயே வேகம் குறைந்துகொண்டிருக்கும். அதே 5 மில்லிநொடியை நூறு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றிலும் நூறில் ஒரு பங்கு அடைப்பதாகப் போட்டால் பாக்கி 36.6. இன்னும் இன்னும் நுணுக்கமாக வெட்டிக்கொண்டே போனால் 36.8-இல் போய் நிற்கும். அது 100-ஐ e-ஆல் வகுத்தால் கிடைக்கும் எண். சூத்திரத்தில் திடீரென்று குதிக்கும் அந்த e வேறெங்கிருந்தும் வரவில்லை. பாக்கிக்கு ஏற்ற தவணையை இடைவிடாமல் அடைப்பதிலிருந்து வருகிறது. முறைப்படி தீர்த்தாலும் இதுதான் கிடைக்கும்:

```
i = (V/R)·(1 − e^(−t/τ)),   τ = L/R
```

நம் ரிலேக்கு τ என்கிற கால மாறிலி 0.6/120, அதாவது 5 மில்லிநொடி. இங்கே பலருக்கும் ஒரு தடுமாற்றம் வரும். மின்தடை கூடினால் மின்னோட்டம் மெதுவாகத்தானே ஏற வேண்டும், சூத்திரம் ஏன் நேர்மாறாகச் சொல்கிறது என்று. மேலே போட்ட கணக்கிலேயே விடை இருக்கிறது. தொடக்க வேகம் V/L. அதில் R-க்கு இடமே இல்லை. மின்தடையைக் கூட்டினால் கிளம்பும் வேகம் மாறாது, போய்ச் சேர வேண்டிய இடம்தான் பக்கத்தில் வந்துவிடும். அதனால் சீக்கிரம் சேர்ந்துவிடுகிறது.

தகட்டை இழுக்க 60 மில்லி ஆம்பியர் தேவை என்றால், அதற்கு 4.6 மில்லிநொடி ஆகும். ஆசிலோஸ்கோப்பில் பார்த்தால் மின்னோட்டம் வழுவழுவென்று ஏறிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் சட்டென்று சற்றுக் கீழே இறங்கி, மறுபடி ஏறும். முதன்முதலில் பார்ப்பவர்கள் இணைப்பு தளர்ந்திருக்கிறது என்று நினைப்பார்கள். அது தகடு நகர்கிற நேரம். தகடு ஒட்டிக்கொண்டதும் காற்று இடைவெளி குறைந்து L கூடுகிறது. L மாறிலி என்று நாம் வைத்துக்கொண்டது அங்கே பொய்த்துப்போகிறது. அந்தப் பள்ளம் தெரியாவிட்டால் தகடு சிக்கிக்கொண்டிருக்கிறதோ என்று சந்தேகப்படலாம்.

இனி வாசகரின் பொறிக்கு வருவோம்.

100 மில்லி ஆம்பியர் ஓடிக்கொண்டிருக்கிறது. காயிலின் காந்தப் புலத்தில் ½·L·i² அளவு, அதாவது 3 மில்லிஜூல் ஆற்றல் தேங்கியிருக்கிறது. ஒரு கிராம் எடையை 30 சென்டிமீட்டர் தூக்கப் போதும், அவ்வளவுதான். சுவிட்சைத் திறக்கிறோம். மின்னோட்டம் அந்தக் கணமே சுழியாகிவிடும் என்று நினைக்கத் தோன்றும். சமன்பாடு அதற்கு இடம் தராது: i ஒரே தாவாகத் தாவினால் di/dt முடிவிலி, அதற்கு முடிவிலி வோல்ட் வேண்டும். ஆகவே திறந்த மறுகணமும் காயிலில் 100 மில்லி ஆம்பியர் ஓடியே தீரும். வழி இல்லாவிட்டால் வழியை உண்டாக்கிக்கொண்டு ஓடும்.

காயிலின் இரு முனைகளுக்கும் குறுக்கே 10,000 ஓம் மின்தடை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி விலகியதும் அந்த 100 மில்லி ஆம்பியர் முழுவதும் அதன் வழியாகப் போக வேண்டும். ஓம் விதிப்படி 1000 வோல்ட்! பேட்டரியின் 12-க்கு இதில் பங்கே இல்லை. சுவிட்சைத் திறந்த கணத்தில் ஓடிய மின்னோட்டமும், இப்போது அதன் வழியில் நிற்கும் மின்தடையும்தான் அந்த எண்ணை முடிவு செய்கின்றன. கால மாறிலியும் 5 மில்லிநொடியிலிருந்து சுமார் 59 மைக்ரோநொடிக்குச் சுருங்கிவிடும். அதே 3 மில்லிஜூல்தான். அதை ஏறக்குறைய எண்பதில் ஒரு பங்கு நேரத்தில் கொட்டிவிட்டுப் போகிறது.

இப்போது அந்த 10,000 ஓமும் இல்லை, வெறும் காற்றுதான் என்றால்? வோல்டேஜ் இன்னும் ஏறும். ஒரு மில்லிமீட்டர் காற்றை உடைக்கச் சுமார் 3000 வோல்ட் தேவை. ஆனால் சுவிட்ச் அப்போதுதான் திறக்கத் தொடங்கியிருக்கிறது. இடைவெளி மில்லிமீட்டரில் சிறு பகுதி. காற்று உடைந்து, மின்னோட்டம் தான் கேட்ட வழியைப் பெற்றுவிடுகிறது. வாசகர் பார்த்த பொறி அதுதான். போடும்போது அது வராததற்குக் காரணமும் இதே: அப்போது மின்னோட்டம் சுழியிலிருந்து நிதானமாக ஏறுகிறது, பேட்டரியின் 12-ஐத் தாண்டி எங்கும் வோல்டேஜ் எழ வேண்டிய தேவையே இல்லை. என் டிரான்சிஸ்டர் போன கதையும் புரிந்திருக்கும். நான் மின்னோட்டத்தைச் சரிபார்த்தேன், அணைக்கும்போது அது தாங்க வேண்டிய வோல்டேஜைப் பார்க்கவில்லை.

நீளமான கம்பியைப் பேட்டரியிலிருந்து பிரிக்கும்போது பொறி வருகிறது, சுருளாகச் சுற்றினால் இன்னும் பெரிதாக வருகிறது என்று 1832-இல் எழுதியவர் ஜோசப் ஹென்றி. அலகுக்கு இருப்பது அவர் பெயர்தான். அப்போது அவர் ஒரு பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டு, ஆய்வைப் பெரும்பாலும் விடுமுறையில் செய்துகொண்டிருந்தார். 'இந்தப் பொறியால் என்ன பயன்' என்று ஒரு நிதிக்குழு அன்று கேட்டிருந்தால், அவரிடம் ஒரு வரி பதில் இருந்திருக்காது. இன்றைய விண்ணப்பப் படிவங்களில் அந்தக் கட்டம்தான் முதலில் இருக்கிறது என்பது எனக்கு ஒவ்வாத விஷயம்.

பொறியை அடக்க எளிய வழி, காயிலுக்குக் குறுக்கே ஒரு டையோடு. அதன் கோடு போட்ட முனை பேட்டரியின் பாசிட்டிவ் பக்கம் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் ஆன் செய்ததும் பேட்டரியே டையோடு வழியாக ஷார்ட் ஆகிவிடும். சரியாகப் போட்டால் ஆன் இருக்கும்போது அது சும்மா இருக்கும். ஆஃப் செய்ததும் காயிலின் மின்னோட்டம் அதன் வழியாகச் சுற்றிவந்து, கம்பியின் மின்தடையிலேயே பெரும்பாலும் சூடாகிக் கரையும். வோல்டேஜ் 12-க்கு மேல் சுமார் 0.7 வோல்ட்தான் எழும்.

ஆனால் இதற்கும் விலை உண்டு. வழியில் இப்போது 120 ஓம்தான் இருப்பதால் கால மாறிலி மறுபடி 5 மில்லிநொடி. 20 மில்லி ஆம்பியருக்குக் கீழே போனால்தான் தகடு விடுபடும் என்றால், அதற்கு 7 மில்லிநொடி ஆகும். அதுவும் இழுவை மெல்ல மெல்லத் தளர்ந்து விடுவதால், ரிலேயின் தொடுமுனைகள் சோம்பலாகப் பிரிகின்றன. அவற்றில் பெரிய மோட்டார் ஏதாவது ஓடினால் அங்கே பொறி நீண்டு, முனைகள் சீக்கிரம் தேயும். காயிலில் அடக்கிய பொறி அந்தப் பக்கம் போய்த் தலைகாட்டுகிறது.

டையோடுடன் தொடராக, 24 வோல்ட் எட்டினால்தான் வழிவிடும்படி ஒரு 24 வோல்ட் ஜீனரைப் போட்டுப் பாருங்கள். இப்போது மின்னோட்டம் ஓட வேண்டுமானால் காயில் 24.7 வோல்ட்டை எதிர்த்துத் தள்ள வேண்டும். சமன்பாட்டில் V இருந்த இடத்தில் −24.7 வந்துவிடும். மின்னோட்டம் சுழியை நோக்கி நழுவாது, சுழிக்கும் கீழே −206 மில்லி ஆம்பியரைக் குறிவைத்துப் பாயும். டையோடு எதிர்த்திசையில் விடாது என்பதால் சுழியில் நின்றுவிடும் என்பது வேறு விஷயம். குறி தூரத்தில் இருப்பதால் வேகம் கூடுகிறது: 20 மில்லி ஆம்பியருக்கு இறங்க 1.5 மில்லிநொடி போதும்.

ஆக, வாசகர் ரிலேயைக் கைச் சுவிட்சால் எப்போதாவது இயக்குகிறார் என்றால் சாதா டையோடே தாராளம். டிரான்சிஸ்டரால் இயக்கி, தொடுமுனைகளில் கனமான லோடும் இருந்தால் ஜீனரையும் சேர்க்கட்டும். ஆனால் அணைக்கிற கணத்தில் டிரான்சிஸ்டரின் மேல் 12-ம் 24.7-ம் சேர்ந்து 36.7 வோல்ட் விழும். 30 வோல்ட் டிரான்சிஸ்டரை அங்கே போட்டால், என்னுடையது போன வழியிலேயே அதுவும் போகும்.