மீன்முள் படத்தில் எழுதியவை எல்லாம் காரணங்கள் அல்ல

இந்த ஆண்டில் நான் பார்க்கும் மூன்றாவது சுவர் இது. புதுச்சேரியில் ஒரு தொழிற்சாலைக் கட்டுமானத் தளத்தின் தகர அலுவலகத்தில், வண்ணத்தில் அச்சிட்டு, கண்ணாடித் தாள் ஒட்டிப் பளபளப்பாக்கிய ஒரு மீன்முள் படம் தொங்கிக்கொண்டிருந்தது. சிக்கலை மீனின் தலையிலும், சந்தேகப்படும் காரணங்களை முட்களிலும் எழுதும் படம் அது. ஆறு பெரிய முட்கள், அவற்றில் முப்பதுக்கும் மேற்பட்ட சிறு முட்கள், தலையில் 'திட்டத் தாமதம்' என்ற இரண்டு சொற்கள். படம் வரைந்த பிறகும் அடுத்த மைல்கல் தவறியது, அதற்கடுத்ததும் தவறியது. "மூலக்காரண ஆய்வு செய்துவிட்டோம் சார், பலன் இல்லை" என்றார் திட்ட மேலாளர். அவர்கள் ஆய்வு செய்யவில்லை. கூடி உட்கார்ந்து சந்தேகங்களைப் பட்டியலிட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

மீன்முள் படத்தைப் பரவலாக்கிய ஜப்பானியப் பேராசிரியர் கவோரு இஷிகாவா, ஒரு விளைவுக்குக் காரணமாக இருக்கக்கூடியவற்றை ஒழுங்குபடுத்திப் பார்க்கும் கருவியாகவே அதைத் தந்தார். 'இருக்கக்கூடிய' என்ற சொல்தான் நம் தளங்களில் காணாமல் போய்விடுகிறது. ஆள், எந்திரம், பொருள், முறை, அளவீடு, சூழல் என்ற ஆறு தலைப்புகளும் எதையும் மறக்காமல் இருக்க உதவும் நினைவுக் கொக்கிகளே. கூட்டத்தில் ஒருவர் 'ஆள் பற்றாக்குறை' என்று சொன்னதும் அது ஒரு முள்ளாகிறது. முள்ளானதும் அது உண்மையாகிவிடுகிறது. பிறகு எல்லோரும் கைதூக்கி, அதிக வாக்கு பெற்ற முள்ளையே மூலக்காரணம் என்று அறிவித்துவிடுகிறார்கள். காரணத்தை வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்க முடியாது. காவல் நிலையத்தில் சந்தேகப் பட்டியலில் பெயர் இருப்பதும் குற்றம் நிரூபணமாவதும் ஒன்றல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். அதே மனிதர்கள் தளக் கூட்டத்தில் மட்டும் பட்டியலையே தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு முள்ளுக்கும் பக்கத்தில் 'இதற்குச் சான்று என்ன, எந்தத் தேதியில், எந்தப் பதிவேட்டில்' என்று எழுத முடியாவிட்டால், அந்த முள் இன்னும் சந்தேகம் மட்டுமே. இதை எத்தனை முறை சொன்னாலும் அடுத்த தளத்தில் மீண்டும் வண்ணத் தாள்தான் காத்திருக்கிறது.

அந்தத் திட்டத்தையே எடுத்துக்கொள்கிறேன். ஓர் உற்பத்திக் கூடமும் அதை ஒட்டிய இரண்டடுக்கு அலுவலகமும் கட்ட வேண்டும். முதல் நான்கு மைல்கற்களும் தவறின. அடித்தளக் கான்கிரீட் 11 நாள், தூண் பீடங்கள் 19 நாள், இரும்புச் சட்டகம் 25 நாள், அலுவலகத்தின் முதல் தளம் 31 நாள் தாமதம். இந்த எண்களைப் பார்த்து, நிலைமை மாதாமாதம் மோசமாகிறது என்று உரிமையாளர் கொதித்தார். உண்மை அதுவல்ல. இரண்டாவது மைல்கல்லின் 19 நாளில் 11 நாள் முதல் மைல்கல்லிடமிருந்து வந்த கடன். அதைக் கழித்தால் அந்தக் கட்டம் தானாக இழந்தது 8 நாள்தான். அதே கணக்கில் மூன்றாவது 6 நாள், நான்காவது 6 நாள். ஒவ்வொரு கட்டமும் ஏறத்தாழ ஒரு வாரத்திலிருந்து ஒன்றரை வாரம் வரை இழந்துகொண்டிருக்கிறது. பெருகிவரும் நோய்க்கும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் திரும்பிவரும் நோய்க்கும் காரணங்கள் வேறு. ஆகவே மீனின் தலையில் 'திட்டத் தாமதம்' என்பதை அழித்துவிட்டு, 'நான்கு கட்டங்களிலும் ஒவ்வொன்றும் தன் பங்குக்கு 6 முதல் 11 நாள் இழக்கிறது' என்று எழுதச் சொன்னேன். தலை தெளிவில்லாத மீனுக்கு எந்த முள்ளும் பொருந்தும்.

அடுத்து, தளக் குறிப்பேட்டைக் கேட்டேன். நல்லவேளையாக அங்கிருந்த மேற்பார்வையாளர், வேலை நின்ற ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி எழுதி வைத்திருந்தார். (இப்படி ஒரு மனிதர் இல்லாத தளத்தில் மூலக்காரண ஆய்வு என்பது ஜோசியம்தான்.) இழந்த 31 நாளும் அதில் இருந்தன: ஆள் இல்லை 12, பொருள் வரவில்லை 9, டிராயிங் வரவில்லை 7, மழை 1, மற்றவை 2. படத்தில் 'மழை' தடித்த எழுத்தில் இருந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பிறகு, இந்தப் பக்கத்தில் மழை என்று சொன்னால் யாரும் மறுபேச்சு பேசுவதில்லை. ஆனால் இந்த நான்கு மைல்கற்களும் பிப்ரவரிக்கும் ஜூனுக்கும் இடையில் வந்தவை. இங்கே பெருமழை அக்டோபரில்தான் தொடங்கும்.

ஆக, ஆள் பற்றாக்குறைதான் காரணமா? பெரும்பாலோர் இங்கே நின்றுவிடுவார்கள், கூலியை ஏற்றுவார்கள், வேறு ஒப்பந்தக்காரரைத் தேடுவார்கள். நான் கேட்டது ஒன்றுதான்: 'ஆள் இல்லை' என்று எழுதிய ஒவ்வொரு நாளுக்கும் முந்தைய இரண்டு நாட்களின் வரிகளைப் படியுங்கள். பன்னிரண்டில் எட்டு நாட்களுக்கு முன்பு கம்பி கட்டும் குழு தளத்தில்தான் இருந்தது. திருத்திய டிராயிங் கைக்கு வராததால் சும்மா உட்கார்ந்திருந்தது. அவர்களுக்குக் கூலி டன் கணக்கில். கம்பி கட்டாத நாளில் காசு இல்லை; ஆகவே வில்லியனூர் பக்கம் வேறொரு தளத்துக்குப் போய், அங்கே எடுத்த வேலையை முடித்துவிட்டுத்தான் திரும்பினார்கள். பொருள் வராத ஒன்பது நாளில் ஆறு நாளும் அப்படியே: டிராயிங் உறுதியாகாமல் கம்பிப் பட்டியல் போட முடியவில்லை, பட்டியல் இல்லாமல் கம்பிக்கு ஆர்டர் கொடுக்க முடியவில்லை. திருப்பிக் கணக்கிட்டபோது 31 நாளில் 21 நாள் டிராயிங்குக்குக் காத்திருந்தவை என்று தெரிந்தது. படத்தில் மூன்று வெவ்வேறு முட்களாகத் தெரிந்தவற்றின் பெரும்பகுதி ஒரே வேரிலிருந்து வந்தது.

கிடைத்த ஒவ்வொரு பதிலுக்கும் மீண்டும் 'ஏன்' என்று ஐந்து முறை வரை கேட்டு வேரைத் தேடும் முறை ஒன்று உண்டு. இந்தக் கட்டத்துக்கு வந்த பிறகுதான் அந்த 'ஏன்' கேட்கத் தொடங்க வேண்டும். சந்தேகத்தின் மேல் ஐந்து முறை ஏன் கேட்டால் ஐந்து அடுக்குச் சந்தேகம்தான் கிடைக்கும்.

தூண் பீடங்களின் கான்கிரீட் ஏன் ஏப்ரல் 3 வரை இழுத்தது? தூண்களைப் பீடத்தோடு பிணைக்கும் ஆங்கர் போல்ட்டுகளை நிறுத்தும் வேலை மார்ச் 31-இல்தான் முடிந்தது. அது ஏன்? போல்ட்டுகளைப் பிடித்து நிறுத்தும் டெம்ப்ளேட்டைச் செய்ய, ஒப்புதல் பெற்ற டிராயிங் மார்ச் 22 அன்றுதான் வந்தது. அது ஏன்? மார்ச் 10 திங்களன்று சமர்ப்பித்த டிராயிங்கை 15-ஆம் தேதி சனிக்கிழமை பார்த்து, ஒரு திருத்தம் சொன்னார்கள். 18 அன்று திருத்திக் கொடுத்ததற்கு அடுத்த சனிக்கிழமை கையெழுத்தானது. ஏன் சனிக்கிழமை மட்டும்? ஒப்பந்தப்படி கையெழுத்திடும் அதிகாரம் உரிமையாளர் தரப்பில் ஒரே மேலாளருக்குத்தான். அவர் சென்னையில் இருக்கிறார், வாரம் ஒருமுறை வருகிறார்.

இந்த நான்காவது பதிலில் அறையில் இருந்த எல்லோர் முகத்திலும் ஒரு நிம்மதி தெரிந்தது, குற்றவாளி கிடைத்துவிட்டார் என்று. தயவுசெய்து இங்கே நிற்காதீர்கள். பதில் ஒரு மனிதரின் பெயரில் முடிந்தால் இன்னும் ஒரு 'ஏன்' பாக்கி இருக்கிறது என்று பொருள். டொயோட்டாவின் தாயிச்சி ஓனோ சொன்ன புகழ்பெற்ற எடுத்துக்காட்டில், நின்றுபோன எந்திரத்தைப் பற்றிய கேள்விகள் எரிந்த ஃபியூஸில் தொடங்கி, எண்ணெய் பம்ப்பில் வடிகட்டி இல்லாததால் உலோகத் துகள் புகுந்தது என்பதில் முடிகின்றன. எண்ணெய் விட்டவர் யார் என்பதில் முடியவில்லை. ஐந்து என்ற எண்ணிலும் மந்திரம் இல்லை. சில நேரம் மூன்றில் முடியும், சில நேரம் ஏழு வேண்டும். நம் கையால் மாற்றக்கூடிய ஓர் ஏற்பாட்டைத் தொட்டதும் நிறுத்த வேண்டும். அதையும் தாண்டிப் போனால் 'நம் நாட்டில் இப்படித்தான்' என்ற இடத்துக்குப் போய்ச் சேருவோம், அங்கே யாரும் எதையும் மாற்ற முடியாது.

ஆகவே ஐந்தாவது: சனிக்கிழமைதான் வருவார் என்று தெரிந்தும் ஏன் அதற்கேற்ப முன்கூட்டியே கொடுக்கவில்லை? கால அட்டவணையை விரித்தோம். அதன் முதல் வரியே தளத்தில் குறியிடுவது. டிராயிங் சமர்ப்பிப்பு, சரிபார்ப்பு, ஒப்புதல் என்று ஒரு வரிகூட இல்லை. வரி இல்லாத வேலைக்குத் தேதி இல்லை, தேதி இல்லாததற்குப் பொறுப்பாளர் இல்லை. எந்த டிராயிங் எந்த நாளுக்குள் வேண்டும் என்பது அந்த மேலாளருக்கு யாரும் சொன்னதே இல்லை.

சங்கிலி சரியா என்று இரண்டு வகையில் பார்க்கலாம். முதலாவது, கீழிருந்து மேலாக 'ஆகவே' போட்டுப் படிப்பது: அட்டவணையில் ஒப்புதலுக்கு வரி இல்லை, ஆகவே வேலை நெருங்கிய பிறகே டிராயிங் போனது, ஆகவே அது சனிக்கிழமைகளுக்காகக் காத்திருந்தது, ஆகவே டெம்ப்ளேட் தாமதமானது. எங்கேயும் இடறவில்லை. இரண்டாவது, நோய் தாக்காத இடத்தைத் தேடுவது. அதே தளத்தில், அதே மாதங்களில், அதே ஒப்பந்தக்காரரின் அதே ஆட்கள் கட்டிய சுற்றுச்சுவர் குறித்த நாளில் முடிந்திருந்தது. அதன் டிராயிங்குக்கு வேலை தொடங்கும் முன்பே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். ஆள் பற்றாக்குறைதான் மூலக்காரணம் என்றால் சுவரும் தாமதமாகியிருக்க வேண்டும். இந்த இரண்டாவது சோதனையைச் செய்பவர்களை நான் மிக அரிதாகவே பார்க்கிறேன். உண்மையில் செலவே இல்லாத சோதனை இதுதான்.

செய்த மாற்றங்கள் சிறியவை. ஒவ்வொரு டிராயிங்குக்கும் அட்டவணையில் மூன்று வரிகள் சேர்ந்தன: சமர்ப்பிப்பு, திருத்தம், ஒப்புதல். தளத்தில் வேலை தொடங்கும் நாளுக்கு இரண்டு சனிக்கிழமைகள் முன்னதாகவே சமர்ப்பிப்பு விழும்படி தேதி வைத்தோம். கட்டமைப்பைத் தொடாத டிராயிங்குகளில் தளத்திலேயே இருக்கும் உரிமையாளர் தரப்புப் பொறியாளர் கையெழுத்திடலாம் என்று எழுத்தில் வாங்கினோம். அடுத்த மூன்று மைல்கற்களில் ஒன்று குறித்த நாளில் முடிந்தது, ஒன்று 2 நாள் பிந்தியது, நவம்பரில் வந்தது 5 நாள் பிந்தியது. அந்த ஐந்து நாளுக்கும் குறிப்பேட்டில் மழை என்றே இருந்தது, முந்தைய நாட்களின் வரிகளைப் படித்துப் பார்த்தபோதும் மழையாகவே இருந்தது. முன்பே இழந்த 31 நாள் திரும்பவில்லை. அது இந்தக் கருவியின் வேலையும் அல்ல.

உங்கள் தளத்திலும் மைல்கல் தவறிக்கொண்டிருந்தால் வண்ணப் பேனாவை எடுக்காதீர்கள், முதலில் குறிப்பேட்டை எடுங்கள். குறிப்பேடு இல்லையென்றால் கூட்டம் போடுவதை இரண்டு வாரம் தள்ளிவைத்து, அந்த இரண்டு வாரமும் எழுதுங்கள். அந்த மேற்பார்வையாளர் இப்போது ஒரு பத்திக்குப் பதிலாக இரண்டு பத்திகள் போடுகிறார்: இன்று வேலை எதனால் நின்றது, நேற்று எதற்காகக் காத்திருந்தோம். இரண்டாவது பத்தியை நான் கேட்டு வாங்கவில்லை. சுற்றுச்சுவர்க் கணக்கைப் பார்த்த மறுநாள் அவரே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டார்.