மதிய மாத்திரை: டீடாக்ஸ் முடிந்தபின் அகாம்ப்ரோசேட்

குடியை நிறுத்த மருத்துவ மேற்பார்வையில் எடுக்கும் டீடாக்ஸ் சிகிச்சை முடிந்து வீட்டுக்குக் கிளம்புகிறவரின் மருந்துச் சீட்டில் அகாம்ப்ரோசேட் 333 மில்லிகிராம் என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்ததும் வீட்டார் பலர் கேட்கும் முதல் கேள்வி, "இது சாப்பிட்டுக் குடிச்சா வாந்தி வருமாங்க?" என்பதுதான். வராது. அது வேறு மருந்து, பெயர் டைசல்ஃபிராம். அகாம்ப்ரோசேட் சாப்பிட்டவர் குடித்தாலும் முகம் சிவக்காது, நெஞ்சு படபடக்காது. தூக்கம் வராது, போதை தராது, அதற்கு அடிமையாகவும் முடியாது. இப்படி எதுவுமே தெரியாததால்தான், "இது வேலை செய்யலை" என்று பத்தே நாளில் நிறுத்திவிடுகிறார்கள்.

ஆல்கஹால் மூளையை மந்தப்படுத்தும். வருடக்கணக்கில் தினமும் குடிக்கும்போது, மூளை அந்த மந்தத்துக்கு ஈடுகட்ட, தன்னைத் தூண்டும் பக்கத்தை ஏற்றிவைத்துக்கொள்கிறது. அந்தத் தூண்டலில் பெரும்பங்கு குளூட்டமேட் என்ற ரசாயனத்துக்கு. குடியைத் திடீரென்று நிறுத்தினால் தராசின் ஒரு தட்டு காலியாகி, மறுதட்டு தடாலென்று இறங்குகிறது. கைநடுக்கம், வியர்வை, வலிப்பு, குழப்பம் எல்லாம் அதனால் வருபவை. டீடாக்ஸில் குளோர்டயசெபாக்சைடு, லோராசெபாம் போன்ற மருந்துகளும் தயமினும் கொடுத்து, பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் இந்த ஆபத்தைக் கடத்திவிடுகிறோம். நடுக்கம் நிற்கும். ஆனால் தராசு உடனே சமனாகிவிடாது. தூக்கம் பாதியில் கலைவது, காரணமில்லாத எரிச்சல், "உள்ளுக்குள்ள என்னமோ பரபரன்னு இருக்கு" என்பதெல்லாம் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். ஒரு கட்டிங் போட்டால் இது அடங்கும் என்று அவருக்கு அனுபவத்தில் தெரியும். அகாம்ப்ரோசேட் வேலை செய்வது இந்த இடைவெளியில். ஏறிக்கிடக்கும் தூண்டலை அது தணிக்கிறது என்பதே பொதுவான விளக்கம். மூளையில் சரியாக எந்த இடத்தில், எப்படித் தணிக்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் விவாதம் உண்டு.

எனவே இது டீடாக்ஸுக்கு மாற்று அல்ல. குடித்துக்கொண்டிருப்பவருக்கு வீட்டிலேயே இதைக் கொடுத்து, "நாளையிலிருந்து நிறுத்து" என்று சொன்னால், வலிப்பு வருவதை இது தடுக்காது. அதேபோல், மாத்திரையைப் பொடித்து ரசத்தில் கலப்பதும் வீண். வயிற்று அமிலத்தைத் தாண்டி குடலில் கரைய வேண்டும் என்பதற்காகத்தான் மேலே பூச்சு போட்டிருக்கிறார்கள். உடைக்காமல், மெல்லாமல், முழுதாக விழுங்க வேண்டும். அப்படி விழுங்கினாலும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் ரத்தத்தில் சேர்கிறது. அதனால்தான் இத்தனை மாத்திரைகள். ரத்தத்தில் அதன் அளவு ஒரு நிலைக்கு வர 5 நாள் ஆகும். முதல் வாரத்தில் எந்த மாற்றமும் தெரியாவிட்டால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

இதன் பெரிய வசதி, கல்லீரல் இதை உடைக்க வேண்டியதில்லை என்பது. கல்லீரல் ஏற்கெனவே கெட்டுப்போனவருக்கு டைசல்ஃபிராம் கொடுக்கவே முடியாது, குடிக்கான இன்னொரு மருந்தான நால்ட்ரெக்ஸோன் கொடுக்கவும் தயக்கமாக இருக்கும். அந்த இடத்தில் அகாம்ப்ரோசேட் கைகொடுக்கிறது. அதற்கான விலையைச் சிறுநீரகம் கொடுக்கிறது. மருந்து மாற்றமில்லாமல் அப்படியே சிறுநீரில்தான் வெளியேறுகிறது. ஆகவே முதல் மாத்திரைக்கு முன், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியாட்டினின் பார்க்காமல் மருந்தைத் தொடங்கக் கூடாது. கல்லீரலுக்கான எல்.எஃப்.டி. பரிசோதனையைப் பார்த்துவிட்டுத் திருப்தியாகி, கிரியாட்டினினை மறந்துவிடுகிற சீட்டுகள் நிறைய உண்டு.

ஒரு விசைத்தறித் தொழிலாளியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். வயது 52, எடை 54 கிலோ. ஏப்ரல் கடைசியில் டீடாக்ஸ் முடிந்தது. கிரியாட்டினின் 1.4. ரிப்போர்ட்டில் பக்கத்தில் சின்னதாக ஓர் அம்புக்குறி இருக்கும், "கொஞ்சம்தான் அதிகம்" என்று தோன்றும். கணக்குப் போட்டால்தான் நிலைமை தெரியும். 140-இல் வயதைக் கழித்தால் 88. அதை எடை 54-ஆல் பெருக்கினால் 4,752. இதை, 72-ஐ கிரியாட்டினினால் பெருக்கி வரும் 100.8-ஆல் வகுத்தால் 47. நிமிடத்துக்கு 47 மில்லி ரத்தத்தைத்தான் அவர் சிறுநீரகம் சுத்தம் செய்கிறது என்பது இதன் தோராயமான பொருள். (பெண்களுக்கு விடையை 0.85-ஆல் பெருக்க வேண்டும்.)

வழக்கமான அளவு, வேளைக்கு 2 மாத்திரை வீதம் மூன்று வேளை, நாளுக்கு 6. ஐரோப்பாவில் 60 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்குக் காலை 2, மதியம் 1, இரவு 1. அமெரிக்க விதிப்படி, இந்தக் கணக்கின் விடை 30-க்கும் 50-க்கும் நடுவில் இருந்தால் வேளைக்கு 1, அதாவது நாளுக்கு 3. 30-க்குக் கீழே என்றால் மருந்தே கூடாது. ஐரோப்பிய விதி இன்னும் கறார்: கிரியாட்டினின் ஏறக்குறைய 1.36-ஐத் தாண்டினாலே வேண்டாம் என்கிறது. ஆக நம் தொழிலாளி ஒரு விதிப்படி பாதி அளவு பெறலாம், மற்றதன்படி பெறவே முடியாது. இதற்குமேல் மருத்துவரின் தீர்மானம்தான். நீண்டநாள் குடித்து உடம்பில் சதை கரைந்தவர்களுக்கு கிரியாட்டினின் உண்மையைவிட நல்லதாகவே காட்டும் என்பதையும் மனதில் வைக்க வேண்டும்.

எண்ணைப் பார்ப்பதோடு விடாமல், ஏன் ஏறியது என்று கேட்பது பயன் தரும். இவர் நாளெல்லாம் நின்று தறி ஓட்டுகிறவர். கால்வலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கித் தினமும் போட்டுக்கொண்டிருந்தார். டீடாக்ஸ் நாட்களில் வாந்தியால் நீரும் வற்றியிருந்தது. வலி மாத்திரையை நிறுத்தி, தண்ணீர் நன்றாகக் குடிக்கச் சொல்லி, நாளுக்கு 3 மாத்திரையில் தொடங்கினார்கள். இரண்டு வாரம் கழித்து கிரியாட்டினின் 1.2. மறுபடி கணக்கு: 4,752-ஐ 86.4-ஆல் வகுத்தால் 55. இப்போது அவர் எடைக்கு உரிய 4 மாத்திரைக்கு ஏற்றலாம்.

அதே நாளில் மாத்திரை எண்ணிப் பார்த்தார்கள். 14 நாளுக்கு 42 கொடுத்திருந்தது. 11 மீதி. பதினொன்றும் மதிய மாத்திரைகள். இந்த மருந்தில் தவறுவது பெரும்பாலும் மதிய வேளைதான். காலையிலும் இரவிலும் வீட்டில் யாராவது ஞாபகப்படுத்துவார்கள். மதியம் தறிக்கூடத்தில், நாலு பேர் நடுவில் அட்டையை எடுக்க வெட்கம். தீர்வு சின்னது: அட்டையிலிருந்து ஒரு மாத்திரையை உறையோடு கத்தரித்து, சாப்பாட்டுத் தூக்கின் மூடியில் ஒட்டிவிடுவது. யாராவது கேட்டால் "வயித்துக்கு" என்று சொல்லிக்கொள்ளலாம். சாப்பாட்டோடு எடுத்தால் உறிஞ்சப்படுவது சற்றுக் குறையும்; மறப்பதைவிட அது எவ்வளவோ மேல். மறந்தது நினைவுக்கு வந்தால் எடுத்துக்கொள்ளலாம், அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிட வேண்டும். இரட்டிப்பாகப் போடக் கூடாது.

தொல்லை என்றால் வயிற்றுப்போக்குதான் முதலில் வரும். பெரும்பாலும் லேசானது, சில நாட்களில் அடங்கும். நீர் வற்றினால் சிறுநீரகக் கணக்கு மறுபடி மாறும் என்பதால், தொடர்ந்தால் சொல்லிவிட வேண்டும். மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் வீட்டார் கவனிக்க வேண்டும். குடியை விட்ட முதல் மாதங்களில் மருந்து இல்லாமலே அவை வரக்கூடும், மருந்தின் எச்சரிக்கைப் பட்டியலிலும் அவை உண்டு. நேரம் பாராமல் அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸ் 14416 எண்ணில் பேசலாம்.

இனி கவுன்சலிங். மாத்திரை உள்பரபரப்பைக் குறைக்கும். சனிக்கிழமை சாயங்காலத்தை மாற்றாது. ஐந்தாவது வாரம், இந்தத் தொழிலாளி ஒரு குவார்ட்டர் குடித்துவிட்டார். திங்கட்கிழமை கவுன்சலர் "ஏன் குடிச்சீங்க?" என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் "தெரியலைங்க" என்பதைத் தாண்டி ஒன்றும் வராது. "சனிக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு எங்க இருந்தீங்க?" என்று தொடங்கி, மணிக்கணக்காக நகர்த்தினார். ரெண்டு மணிக்குச் சாப்பிடவில்லை, ஒரு தறி நின்றுபோய்ச் சரிசெய்துகொண்டிருந்தார். மதிய மாத்திரையும் தூக்கோடு அப்படியே இருந்தது. ஐந்தரைக்கு வாரக்கூலியில் பிடித்தம் என்று வாய்த்தகராறு. ஆறரைக்குக் கையில் பணம், வயிற்றில் பசி, மனதில் கோபம். வீட்டுக்குப் போகும் வழியில் கடை.

இந்தச் சங்கிலியில் கடைசிக் கண்ணியை, கடை வாசலை, அறுப்பது ரொம்பக் கடினம். முதல் கண்ணிகளை அறுப்பது எளிது. வேலை எப்படியிருந்தாலும் மதியச் சாப்பாடு தவறக் கூடாது என்று முடிவானது. வாரக்கூலி மனைவியின் கணக்குக்குப் போனில் வந்துவிடும். அது அவர் விருப்பத்தோடு செய்தது, பறித்தது அல்ல. சனிக்கிழமை மட்டும் மகன் வண்டியில் வந்து வேறு தெரு வழியாகக் கூட்டிப்போவான். குடிக்கும் ஆசை ஒரே உயரத்தில் நிற்பதில்லை, பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் ஏறி இறங்கிவிடும். அந்த அரைமணிக்கு யாருக்குப் போன் போடுவது என்பதும் பெயரோடு எழுதப்பட்டது.

மருந்தை நிறுத்தவில்லை. ஒருநாள் குடித்துவிட்டால் மாத்திரையைத் தூக்கிப் போடுவது நாம் அதிகம் பார்க்கும் தவறு. மறுநாள் அதே அளவில் தொடரலாம். ஆனால் மருந்து தொடங்கி நாலு முதல் ஆறு வாரம் ஆகியும் குடி தொடர்ந்துகொண்டே இருந்தால் நிறுத்திவிடச் சொல்கிறது பிரிட்டனின் நைஸ் என்ற சுகாதார அமைப்பின் வழிகாட்டி. மீண்டும் தினக்குடிக்குத் திரும்பிவிட்டால், மறுபடி முறையான டீடாக்ஸ்தான் வேண்டும்.

எவ்வளவு நம்பலாம்? 2010-இல் வந்த காக்ரேன் தொகுப்பு 24 ஆய்வுகளை, கிட்டத்தட்ட 6,900 பேரைச் சேர்த்துப் பார்த்தது. ஒன்பது பேருக்குக் கொடுத்தால், இல்லாவிட்டால் குடிக்கத் திரும்பியிருக்கக்கூடிய ஒருவர் கூடுதலாகக் குடிக்காமல் இருக்கிறார். 2006-இல் அமெரிக்காவில் 1,383 பேரிடம் நடந்த கம்பைன் ஆய்விலோ இது வெற்று மாத்திரையைவிட மேலாக நிற்கவில்லை. ஐரோப்பிய ஆய்வுகளில் பெரும்பாலும் முறையாக டீடாக்ஸ் முடித்தவர்கள் சேர்க்கப்பட்டார்கள் என்பது இந்த வித்தியாசத்துக்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. எங்கள் கணிப்பும் அதுதான்: முழுதாக நிறுத்தியவரை நிறுத்தியபடியே வைக்க இது உதவும், அளவைக் குறைத்துக் குடிக்க நினைப்பவருக்கு இது சரியான மருந்து அல்ல.

பொதுவாக ஆறு மாதம், பயன் தெரிந்தால் ஒரு வருடம் வரை தருகிறார்கள். நிறுத்தும்போது படிப்படியாகக் குறைக்க வேண்டிய அவசியம் இல்லை, நிறுத்தினால் நடுக்கமும் வராது. தேதியைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். நம் தொழிலாளிக்கு ஆறு மாதம் முடிவது அக்டோபர் கடைசியில், தீபாவளி போனஸ் கைக்கு வரும் வாரம். நவம்பர் முடியும்வரை மாத்திரை தொடரட்டும் என்று சீட்டில் எழுதினார்கள். போனஸ் யார் கணக்குக்கு வரும் என்பதை ஆகஸ்டிலேயே கவுன்சலிங்கில் பேசி வைத்துவிட்டார்கள்.