மைனஸ் 50-ஆ, பிளஸ் 50-ஆ, மைனஸ் 55-ஆ?

பள்ளிகளுக்கிடையிலான ஜூடோ போட்டிகளில் எடை எடுக்கும் மேசையில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே நடக்கும் சண்டைகளில் பாதி எடையைப் பற்றியவை என்று வெளியிலிருப்பவர்கள் நினைப்பார்கள். உண்மையில் அவை பெரும்பாலும் பிறந்த தேதியில் தொடங்குகின்றன.

2024 ஆகஸ்டில் ஒரு சிறுவனை 14 வயதுக்குட்பட்டோர், பிளஸ் 50 கிலோ, அதாவது 50-க்கு மேல், என்று எழுதிக் கொண்டுவந்தார்கள். பிறந்த தேதி 28.11.2010. அன்றைக்கு அவனுக்கு 13 வயது ஒன்பது மாதம். "இன்னும் பதினான்கு முடியவில்லையே சார்" என்றார் உடன் வந்த ஆசிரியர். முடியவில்லைதான். ஆனால் பள்ளி விளையாட்டில் வயதைப் போட்டி நடக்கும் நாளில் வைத்துக் கணக்கிடுவதில்லை. 2024-25 கல்வியாண்டுக்கு 14 வயதுப் பிரிவில் ஆட 1.1.2011 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்திருக்க வேண்டும். 17 வயதுப் பிரிவுக்கு 1.1.2008, 19 வயதுப் பிரிவுக்கு 1.1.2006. அதாவது அந்த ஆண்டு டிசம்பர் 31 அன்று 14 வயது நிறைந்திருக்கக் கூடாது. இந்தப் பையனுக்கு நவம்பரிலேயே நிறைந்துவிடும். முப்பத்துநான்கு நாள் வித்தியாசத்தில் அவன் 17 வயதுப் பிரிவுக்குப் போய்விட்டான்.

வயதைக் கூட்டிக் கழித்துப் பார்ப்பதைவிட, போட்டிச் சுற்றறிக்கையில் உள்ள தேதிக்குப் பக்கத்தில் பிறப்புச் சான்றிதழின் தேதியை எழுதிப் பார்ப்பதே பிழை வராத வழி. எந்த வகுப்பில் படிக்கிறான் என்பதை வைத்து முடிவு செய்யவே கூடாது. ஒன்பதாம் வகுப்பு என்றால் 14 வயதுப் பிரிவு என்று சொல்பவர்களை இன்றும் பார்க்கிறேன். அதே வகுப்பில் ஓராண்டு மூத்தவனும் இருப்பான், இளையவனும் இருப்பான்.

வயது மாறினால் எடைப் பட்டியலே மாறிவிடும். இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. அன்று என் கையிலிருந்த சுற்றறிக்கைப்படி, 14 வயதுச் சிறுவர்களின் பட்டியல் பிளஸ் 50-உடன் முடிந்துவிடும். 17 வயதுப் பட்டியலோ 50-ஐத் தாண்டி 55, 60, 66 என்று நீண்டு பிளஸ் 90 வரை போகும். மைனஸ் 55 என்றால், அதற்கு முந்தைய எல்லையான 50-ஐத் தாண்டி, 55 வரை உள்ளவர்கள். சரியாக 55.0 இருந்தாலும் உள்ளேதான். பிளஸ் என்றால் மேல் எல்லையே இல்லை.

தராசில் பையன் 50.4 காட்டினான். ஆக, 14 வயதுப் பட்டியலில் பிளஸ் 50-ஆக இருந்தவன் இங்கே மைனஸ் 55. அந்தப் பிரிவில் 54 கிலோவுக்கு மேல் எடை காட்டியவர்களும் இருந்தார்கள். அவர்களில் சிலருக்குப் பதினாறு வயது. எடை கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தாலும் கைப்பிடியின் பலம் ஒன்றல்ல.

ஆசிரியர் உடனே கணக்குப் போட்டார். "நானூறு கிராம்தானே? ஒரு மணி நேரம் கொடுங்கள், ஸ்வெட்டர் போட்டு ஓடவிட்டால் மைனஸ் 50-க்கு வந்துவிடுவான்." வந்துவிடுவான் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. அப்படி இறங்குவது அத்தனையும் தண்ணீர். ஆகஸ்ட் வெயிலில் தண்ணீரை வெளியேற்றிவிட்டு, வாய் வறண்டு, தலைசுற்றலோடு ஒரு பதின்மூன்று வயதுப் பையனைப் போட்டி விரிப்பில் ஏற்றுவதற்கு நான் உடன்படவில்லை. எடை எடுக்கும் நேரம் முடியும்வரை மறுபடி ஏறிப் பார்க்க விதி இடம் கொடுத்திருந்தது. அதை மறைக்காமல் சொன்னேன். முன்தினம் இரவு என்ன சாப்பிட்டாய் என்று பையனையே கேட்டேன். "இரண்டு இட்லி சார், காலையில் ஒன்றுமில்லை" என்றான். ஆசிரியர் அதற்குப் பிறகு வற்புறுத்தவில்லை.

இந்த 50.4-ஐ 50 என்று முழுமையாக்கி எழுதச் சொல்பவர்களும் உண்டு. புள்ளிக்குப் பின்னால் இருக்கும் இலக்கம்தான் அங்கே எல்லை. சுற்றறிக்கை உடைக்கென்று ஏதாவது சலுகை கொடுத்திருந்தால் அதை எல்லோருக்கும் ஒரே மாதிரி கழிக்க வேண்டும். கொடுக்கவில்லையென்றால் யாருக்கும் இல்லை.

வீட்டுத் தராசை நம்பி வந்து ஏமாறுவதும் அதிகம். முள் ஓடும் குளியலறைத் தராசு ஒரு கிலோ வரைகூடத் தவறலாம். உடற்பயிற்சிக் கூடத்து 20 கிலோ தட்டு ஒன்றை அதன் மேல் வைத்துப் பாருங்கள், 20.6 காட்டினால் தராசைச் சந்தேகிக்கலாம். ஓரிரு வாரம் முன்பாகவே, போட்டியில் எடை எடுக்கும் அதே நேரத்தில், காலைக்கடன் முடித்து, மெல்லிய உடையோடு மூன்று நாள் எடை பாருங்கள். மூன்றும் எல்லைக்கு அரைக் கிலோவுக்குள் இருந்தால் மேல் பிரிவுக்கே பெயர் கொடுத்துவிடுவது நல்லது. வளரும் பையன் இரண்டு வாரத்தில் குறைய மாட்டான்.

அந்தப் பையன் பெயர் மைனஸ் 55-க்கு மாற்றி எழுதப்பட்டது. எழுதியதும் அவன் கேட்ட முதல் கேள்வி, "இப்போது சாப்பிடலாமா சார்?"