சங்கு கீறாமல் கழுத்தை ஷேவ் செய்ய

வீட்டில் ஷேவ் செய்துவிட்டு, ரத்தம் வந்த இடத்தில் பேப்பர் துண்டை ஒட்டிக்கொண்டு வேலைக்கு ஓடுகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். பேப்பர் கன்னத்தில் இருப்பது அபூர்வம். தாடைக்குக் கீழேதான் இருக்கும், அதிலும் பாதிப் பேருக்குச் சங்கில், அதாவது தொண்டையில் குரல்வளை துருத்தி நிற்கிற அந்த மேட்டில். பழைய வண்ணாரப்பேட்டையில் சலூன் வைத்திருக்கிறேன். துறைமுகம், கன்டெய்னர் யார்டு, செக்யூரிட்டி என்று தினமும் மழுமழுவென்று போய் நிற்க வேண்டிய வேலை பார்ப்பவர்கள் இந்தப் பக்கம் நிறைய. தினமும் சலூனுக்கு வரக் கட்டுப்படியாகாது, வீட்டில்தான் ஷேவ் செய்தாக வேண்டும். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

சங்கில் மட்டும் ஏன் கீறுகிறது? அங்கே தோலுக்கு அடியில் மெத்தென்று சதை கிடையாது. கூரையின் உச்சி மாதிரி இரண்டு பக்கமும் சரிந்து நிற்கிற குருத்தெலும்பு இருக்கிறது. ரேசரோ தட்டை. அதை மேட்டில் வைத்தால் உச்சி மட்டும் பிளேடில் படும், இரண்டு பக்கச் சரிவிலும் இடைவெளி விழும். சரிவில் முடி நிற்கிறதே என்று நாம் இன்னும் கொஞ்சம் அழுத்துவோம். அந்த அழுத்தம் முழுவதும் உச்சியில் இருக்கிற மெல்லிய தோலில் இறங்கும். சரிவில் எடுக்கிறேன் என்று ரேசரைச் சாய்த்தாலோ பிளேடின் முனை தோலுக்குள் போய்விடும்.

போதாததற்கு அது நகரவும் செய்யும். எச்சில் விழுங்கும்போது குரல்வளை சுமார் 2 செ.மீ. மேலே ஏறி இறங்குகிறது. தலையை அண்ணாந்து வைத்திருந்தால் வாயில் எச்சில் சேரும், விழுங்காமல் இருக்க முடியாது. கத்தி தோலில் இருக்கும்போது அடியில் இருக்கிற மேடு எழும்பினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

யார்டில் வேலை பார்க்கிற தம்பி ஒருவர், முடி வெட்ட வந்தபோது கேட்டார்: "அண்ணே, மேல எல்லாம் ஓகே. இந்தச் சங்குகிட்ட மட்டும் டெய்லி கீறுது. ரேசர் மாத்திப் பாத்தேன், கிரீம் மாத்திப் பாத்தேன். ஒண்ணும் வேலைக்காவல." மெலிந்த உடம்பு, சங்கு நன்றாகத் தெரியும். மேட்டுக்கு இடது பக்கத்தில், கிட்டத்தட்ட ஒரே இடத்தில், ஆறியதும் ஆறாததுமாக நாலைந்து கோடுகள். வீட்டில் எப்படிச் செய்வாயோ அப்படியே செய்து காட்டு என்றேன். பிளேடு இல்லாமல் வெறும் கையால் காட்டினார். தலையை முழுக்கப் பின்னால் சாய்த்து, தொண்டைக்குழியிலிருந்து தாடை வரைக்கும் ஒரே இழுப்பு, கீழிருந்து மேலே.

அந்த ஒரு இழுப்பிலேயே காரணங்கள் எல்லாம் இருந்தன. தலையை அவ்வளவு பின்னால் சாய்த்தால் தோல் விறைப்பாகும் என்பது உண்மைதான். ஆனால் சங்கும் கூடவே முன்னால் தள்ளி நிற்கும், மேலே இருக்கிற தோல் நகரவும் முடியாமல் அதன்மேல் இறுகிவிடும். நீளமாக இழுத்தால் மேட்டில் ஏறும்போதும் இறங்கும்போதும் கோணம் மாறிக்கொண்டே போகும். மூன்றாவது காரணம் முடியின் போக்கு.

கன்னத்து முடி பெரும்பாலும் கீழ்நோக்கி வளரும். கழுத்து முடிக்கு அப்படி ஒரு ஒழுங்கு கிடையாது. தாடைக்கு அடியில் கீழ்நோக்கிப் போகிற முடி, தொண்டைக்குழிப் பக்கம் வரும்போது மேல்நோக்கித் திரும்பியிருக்கும். சிலருக்குப் பக்கவாட்டில் சாயும், சிலருக்குச் சுழியே இருக்கும். இடது பக்கம் ஒரு மாதிரியும் வலது பக்கம் வேறு மாதிரியும் இருப்பதும் சகஜம். இரண்டு நாள் ஷேவ் செய்யாமல் விட்டு, உலர்ந்த விரலால் நாலு திசையிலும் தடவிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் அதுதான் முடியின் போக்கு, சொரசொரவென்று தடுத்தால் எதிர்த்திசை. அந்தத் தம்பிக்கு வலது பக்கம் நேராகக் கீழே போனது. இடது பக்கம் காதுப் பக்கத்திலிருந்து நடுத்தொண்டையை நோக்கிப் படுத்திருந்தது. கோடுகள் எல்லாம் இடது பக்கமே இருந்ததற்குக் காரணம் இதுதான். படுத்திருக்கிற முடி ஒரு இழுப்பில் வராது. அதனால் அதே இடத்தில் நுரை போன பிறகும் திரும்பத் திரும்பப் பிளேடு ஓட்டியிருக்கிறார்.

நுரை என்றதும் தண்ணீரைப் பற்றியும் கேட்டேன். வீட்டில் போர் தண்ணீர். கடலோரமாக இருப்பதால் நம் பக்கம் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பாகவும் கடினமாகவும் இருக்கும். அதில் இருக்கிற கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிந்துவிடும், நுரை நிற்காது. ஷேவிங் கிரீமும் ஒரு வகைச் சோப்புதான். பிரஷ்ஷில் எவ்வளவு அடித்தாலும் கொஞ்ச நேரத்தில் தண்ணீராக ஓடினால், குறை கிரீமில் இல்லை. அடிபம்பில் வருகிற மெட்ரோ தண்ணீரோ கேன் தண்ணீரோ ஒரு சொம்பு இருந்தால் போதும், அதைக் கொஞ்சம் சூடாக்கிக்கொள்ளலாம். கழுத்தில் ஈரத்துணியை இரண்டு மூன்று நிமிடம் வைத்து முடி ஊறிய பிறகுதான் நுரை போட வேண்டும். குளித்துவிட்டு வந்து செய்தால் இந்த வேலையும் மிச்சம்.

இனி சங்குக்கு வருவோம். தொழில் கற்றுக்கொள்ள வருகிற பசங்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது, சங்கின் மேல் ஷேவ் செய்யவே கூடாது என்பதைத்தான். அங்கே இருக்கிற தோலைப் பக்கத்துக்கு நகர்த்தி, சமமான இடத்தில் வைத்து ஷேவ் செய்ய வேண்டும். குரல்வளைமேல் தோல் ஒட்டிக்கொண்டு இல்லை, இரண்டு விரலை வைத்துத் தள்ளினால் நன்றாக நகரும். தலையை நேராக வைத்து, மோவாயைக் கொஞ்சம் மட்டும் தூக்குங்கள். சீலிங்கைப் பார்க்க வேண்டாம், எதிர்ச் சுவர் சீலிங்கோடு சேர்கிற இடத்தைப் பார்த்தால் போதும். இடது கையின் இரண்டு விரலைச் சங்குக்கு இடப்பக்கம் வைத்துத் தோலை இடது பக்கமாக இழுங்கள். மேட்டின்மேல் இருந்த தோல் இப்போது பக்கத்தில் இருக்கிற தசைமேல் வந்து உட்காரும். அந்த இடத்தில் மட்டும் முடியின் போக்கிலேயே, ஒரு விரல்கணு நீளத்துக்கு மேல் போகாமல், சின்னச் சின்னதாக எடுங்கள். தோலை விட்டுவிட்டு அடுத்து வலது பக்கம் இழுத்து மிச்சத்தை எடுங்கள். இரண்டு இழுப்பும் சேர்ந்தால் மேட்டில் இருந்த முடி முழுக்க வந்துவிடும், பிளேடு மேட்டின்மேல் ஏறியே இருக்காது.

நுரை பட்ட விரல் வழுக்கும். விரலைத் துடைத்துவிட்டு ஈரப் படிகாரத்தில் ஒரு தடவை தேய்த்துக்கொண்டால் பிடி கிடைக்கும். கடையில் நாங்கள் செய்வதும் அதைத்தான். ரேசரின் எடையே போதும், அழுத்த வேண்டாம். ஒற்றைப் பிளேடு என்றால் தோலிலிருந்து 30 டிகிரி போலச் சாய்வு இருக்கட்டும். எச்சிலைப் பிளேடு வைப்பதற்கு முன்பே விழுங்கிவிடுங்கள். ஷேவ் செய்யும்போது விழுங்கியபடியே பிடித்துக்கொண்டால் மேடு மறைந்துவிடும் என்று ஒரு யோசனை உலவுகிறது. கொஞ்சம் மறையத்தான் செய்யும். ஆனால் அதை நீண்ட நேரம் பிடித்து வைக்க முடியாது. பிடி விட்டதும் குரல்வளை சட்டென்று இறங்கும், அப்போது பிளேடு எங்கே இருக்கும் என்பது நம் கையில் இல்லை. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

வயதானவர்களுக்குப் பிரச்சினை வேறு. தோல் தளர்ந்து மடிப்பு விழுந்திருப்பதால் பக்கவாட்டில் நகர்த்துவது மட்டும் போதாது. மடிப்பைக் கீழே நெஞ்செலும்புப் பக்கமும் கொஞ்சம் இழுத்துப் பிடிக்க வேண்டும்.

தம்பிக்கு நான் சொன்னது இன்னும் ஒன்றுதான்: கழுத்தில் எதிர்த்து எடுக்காதே. ஒரு முறை போக்கில் எடுத்துவிட்டு, சொரசொரப்பு இருந்தால் மறுபடி நுரை போட்டுக் குறுக்காக ஒரு முறை எடுக்கலாம், அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். தடவிப் பார்த்தால் லேசாகத் தட்டுப்படும், ஆனால் பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாது. சூப்பர்வைசர் யாரும் கழுத்தைத் தடவிப் பார்ப்பதில்லை. அடுத்த முறை முடி வெட்ட வந்தபோது பழைய கோடுகள் மங்கியிருந்தன, புதிதாக எதுவும் இல்லை. தாடையின் மூலையில் மட்டும் ஒரு சின்னக் கீறல். அவசரமாம்.

கீறிவிட்டால் சுத்தமான பஞ்சையோ துணியையோ வைத்து ஐந்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நின்றதா என்று நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் உறைகிற ரத்தம் பிய்ந்துவிடும். பவுடர், டூத்பேஸ்ட் எதுவும் வேண்டாம். கழுத்தின் பெரிய ரத்தக் குழாய்கள் இரண்டு பக்கமும் ஆழத்தில் இருக்கின்றன. ரேசர் கீறல் தோலோடு நின்றுவிடும், அதனால் பயப்பட வேண்டாம். பதினைந்து நிமிடம் விடாமல் அழுத்தியும் நிற்கவில்லை என்றால் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கோ பக்கத்தில் இருக்கிற டாக்டரிடமோ போய்விடுங்கள். இதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சின்னக் கீறலும் நீண்ட நேரம் கசியும். அவர்கள் கழுத்துக்குப் பிளேடை விட்டுவிட்டு எலக்ட்ரிக் ஷேவருக்கோ டிரிம்மருக்கோ மாறுவது நல்லது. கடையில் உட்கார்ந்தால் அந்த மாத்திரையைப் பற்றி எங்களிடமும் சொல்லிவிடுங்கள்.

கடைக்கு வரும்போது இரண்டு விஷயத்தைப் பாருங்கள். புதுப் பிளேடை உங்கள் கண்முன்னே பேப்பரிலிருந்து எடுத்து உடைத்துக் கத்தியில் மாட்ட வேண்டும். மஞ்சள் காமாலைக்குக் காரணமான பி, சி வைரஸ்கள் ரத்தம் பட்ட பிளேடு வழியாகப் பரவக்கூடியவை. பலர் கவனிக்காமல் விடுவது படிகாரக் கட்டியை. முந்தைய ஆளின் கீறலில் தேய்த்த அதே கட்டியை உங்கள் கீறலில் தேய்த்தால் புதுப் பிளேடு மாட்டியதற்கு அர்த்தம் இல்லை. தூளாக்கி வைத்துப் புதுப் பஞ்சில் தொட்டுப் போடுங்கள் என்று தயங்காமல் கேளுங்கள். யாராவது முகம் சுளித்தால் வேறு கடை பாருங்கள்.

கீறல் இல்லாமலேயே மறுநாள் கழுத்தில் சிவப்புச் சிவப்பாகப் பொரி கிளம்பினால் அது வேறு விவகாரம். சுருட்டை முடி தோலோடு ஒட்ட வெட்டப்பட்டால், வளரும்போது வளைந்து தோலுக்குள்ளேயே குத்தும். மூன்று, ஐந்து பிளேடு வைத்த ரேசர் முடியை இழுத்துத் தோல் மட்டத்துக்கும் கீழே வெட்டும் என்பதால் இவர்களுக்கு ஆகாது. இவர்களுக்குத் தோல் நகர்த்துகிற முறையும் முழுத் தீர்வு இல்லை. தோலை மிகவும் இறுக்கி இழுத்தால் முடி இன்னும் உள்ளே போய்விடும். பொரி அடங்கும்வரை பிளேடை நிறுத்திவிட்டு, ஒரு மில்லிமீட்டர் முடி நிற்கிற மாதிரி டிரிம்மர் போட்டுக்கொள்ளுங்கள். சீழ் வைத்தாலும், ஷேவ் செய்த கோட்டிலேயே தட்டையான சின்ன மருக்கள் வரிசையாக முளைத்தாலும், தோல் டாக்டரைப் பார்க்கும்வரை அந்தப் பக்கம் பிளேடே படக் கூடாது. அந்த மருக்கள் வைரஸால் வருபவை, ஒவ்வொரு ஷேவும் அவற்றைப் பக்கத்துத் தோலுக்குப் பரப்பும்.