பழைய வீட்டுக்குப் போன சம்மன்: எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை நீக்கக் கேட்பது எப்படி

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பிழைப்புக்காக ஓசூர், பெங்களூரு, திருப்பூர் என்று குடிமாறிப் போனவர்களுக்கு இந்தச் சிக்கல் அதிகம் வரும். வழக்கின் சம்மன் ஊரில் இருக்கும் பழைய விலாசத்துக்குப் போயிருக்கும். ஆள் ஆஜராகாததால் கோர்ட் எதிர்த்தரப்பு சொன்னதை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடும். இதுதான் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு. இதை நீக்கி, தன் பக்கத்தையும் கேட்கச் சொல்ல உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 9ஆம் கட்டளை, 13ஆம் விதி வழி கொடுக்கிறது. வக்கீல்கள் இதை செட் அசைட் பெட்டிஷன் என்பார்கள்.

ஓர் உதாரணம். பாலக்கோட்டில் இருந்த ஒருவர் 2021இல் குடும்பத்தோடு ஓசூருக்கு மாறி, ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். 2023இல் புரோநோட்டு பாக்கி என்று ஊரில் ஒருவர் அவர்மேல் வழக்குப் போடுகிறார். 2024 மார்ச் 12ஆம் தேதி எக்ஸ்பார்ட்டி தீர்ப்பாகிறது. 2025 ஜூன் 9ஆம் தேதி, சம்பளத்தில் பிடித்தம் செய்யச் சொல்லி கோர்ட் உத்தரவு கம்பெனிக்கு வருகிறது. அன்றுதான் அவருக்கு விஷயமே தெரிகிறது.

மனுப் போட 30 நாள்தான் அவகாசம். ஆனால் எந்த நாளிலிருந்து எண்ணுவது? சம்மன் முறையாகச் சார்பு செய்யப்பட்டிருந்தால், அதாவது சட்டப்படி உங்களிடம் சேர்க்கப்பட்டிருந்தால், தீர்ப்புத் தேதியிலிருந்து. இல்லாவிட்டால், தீர்ப்பு இருப்பது தெரிந்த நாளிலிருந்து. காலவரையறைச் சட்டத்தின் 123ஆம் இனம் இப்படித்தான் சொல்கிறது. ஆக, இவர் ஜூலை 9க்குள் மனுத் தாக்கல் செய்தால் போதும். பேப்பரில் விளம்பரம் கொடுத்து மாற்று வழியில் சம்மன் சார்பு செய்ததாக வழக்குக் கட்டில் பதிவாகியிருந்தாலும், இந்தக் கணக்குக்கு அது முறையான சார்பு ஆகாது என்று அதே இனத்தின் விளக்கம் சொல்கிறது. கம்பெனிக்கு வந்த உத்தரவின் நகலை வாங்கி வைத்துக்கொள்வது ரொம்ப முக்கியம். ஜூன் 9 என்ற தேதிக்கு அதுதான் சாட்சி.

அடுத்து வழக்கைத் தேட வேண்டும். ecourts.gov.in தளத்தில் மாவட்டத்தையும் கோர்ட்டையும் தேர்ந்தெடுத்துப் பெயரைப் போட்டால் வழக்கு எண் கிடைக்கும். அதை வைத்துத் தீர்ப்பு நகலோடு சம்மன் திரும்பி வந்த அறிக்கையின் நகலையும் கேளுங்கள். இந்த இரண்டாவது நகலில்தான் முழு விஷயமும் இருக்கிறது. தபால் கவரின் மேல் தபால்காரர் என்ன எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். ‘குடிபெயர்ந்துவிட்டார்’ என்று இருந்தால் உங்களுக்குச் சாதகம். ‘வாங்க மறுத்தார்’ என்று இருந்தால் சம்மன் சேர்ந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். அந்தத் தேதியில் நீங்கள் அந்த ஊரிலேயே இல்லை என்று காட்ட வேண்டிவரும். யாராவது கையெழுத்துப் போட்டு வாங்கியிருந்தால், அது யார் என்று பாருங்கள். குடும்பத்தில் வயது வந்த ஒருவர் வாங்கலாம், ஆனால் அவர் உங்களோடு ஒரே வீட்டில் இருப்பவராக இருக்க வேண்டும். பாலக்கோட்டில் தனிக்குடித்தனம் இருக்கும் அண்ணன் வாங்கியது இதில் சேராது.

மனுவோடு அபிடவிட் போட வேண்டும். எப்போது வீடு மாறினோம், எப்படித் தெரிந்தது என்பதைத் தேதியோடு எழுதுங்கள். வாடகை ஒப்பந்தம், கேஸ் பில், ஓசூரில் பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் சான்று போன்றவற்றை இணைக்கலாம். ஆதார் இன்னும் பழைய விலாசத்திலேயே இருந்தால் எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் காட்டும். அதனால் மற்ற ஆவணங்கள் பலமாக இருக்க வேண்டும்.

30 நாள் தாண்டிவிட்டால் தாமதத்தை மன்னிக்கக் கோரி இன்னொரு மனுவும் சேர்த்துப் போட வேண்டும். செட் அசைட் மனுப் போட்டதால் மட்டும் சம்பளப் பிடித்தம் நிற்காது. அதற்குத் தடை கேட்டுத் தனி மனு வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள், மாதாமாதம் சம்பளம் குறைந்துகொண்டே போகும்.

ஒரு விஷயத்தில் ஏமாற வேண்டாம். சம்மன் கொடுத்ததில் சின்னக் குறை இருந்தது என்பது மட்டும் போதாது. வழக்குத் தேதி உங்களுக்குத் தெரிந்திருந்தது, வந்து பதில் சொல்ல நேரமும் இருந்தது என்று கோர்ட் கருதினால் தீர்ப்பை நீக்காது. எதிர்த்தரப்பு போனில் அனுப்பிய மெசேஜுக்கு ‘கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறேன்’ என்று நீங்கள் பதில் போட்டிருந்தால், அது எதிராக நிற்கும்.

எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கொடுக்காமல் தீர்ப்பை நீக்க முடியாது என்பதால் முதல் நாளே முடிவு வராது. நீக்கும்போது செலவுத்தொகை கொடுக்கவோ, ஒரு பகுதிப் பணத்தைக் கோர்ட்டில் கட்டவோ நிபந்தனை விதிக்கலாம். சொன்ன கெடுவுக்குள் கட்டாவிட்டால் கிடைத்த உத்தரவு வீணாகிவிடும். மனு தள்ளுபடியானால், அந்தத் தள்ளுபடி உத்தரவின் மேல் அப்பீல் போகலாம். மனு ஏற்கப்பட்டால் பழைய வழக்கு திரும்ப உயிர் பெறும், அப்போது புரோநோட்டுக்கு நீங்கள் சொல்லும் பதில் தேவைப்படும். அந்த எதிருரையை முன்கூட்டியே தயார் செய்து மனுவோடு சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.