செய்முறை, வாடிக்கையாளர் பட்டியல், கொள்முதல் விலை: ஒப்பந்தத்தில் எப்படி எழுதினால் நிற்கும்?

"பணியின்போது அறியும் எந்தத் தகவலையும் எக்காலத்திலும் யாரிடமும் வெளியிட மாட்டேன்." நிறைய வேலை ஒப்பந்தங்களில் ரகசியத்தைப் பற்றி இந்த ஒரு வரிதான் இருக்கிறது. படிக்கக் கெட்டியாகத் தெரியும். வழக்கு என்று போனால் முதலில் ஆட்டம் காண்பதும் இதுதான். எல்லாமே ரகசியம் என்று எழுதிவிட்டால், உண்மையில் எதைக் காக்க நினைத்தோம் என்பதைக் காட்ட முடியாமல் போகிறது.

1980-களில் வந்த ஃபசென்டா சிக்கன் என்ற இங்கிலாந்துத் தீர்ப்பு இதற்கு நல்ல பாடம். குளிரூட்டிய வேன்களில் கோழி இறைச்சி விற்ற நிறுவனம் அது. அதன் விற்பனை மேலாளர் விலகிப் போட்டி வியாபாரம் தொடங்கினார். எட்டு ஊழியர்கள் அவருடன் போனார்கள். வாடிக்கையாளர் பெயர், வேன் போகும் வழி, யாருக்கு என்றைக்கு எவ்வளவு வேண்டும், என்ன விலை என்பதெல்லாம் ரகசியம் என்று நிறுவனம் வழக்குப் போட்டுத் தோற்றது. விலகிய பிறகு என்ன செய்யக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. விலை ரகசியம் என்று யாரும் ஊழியர்களிடம் சொன்னதும் இல்லை. வேனில் போகிறவர்கள் வேலையோடு வேலையாகத் தெரிந்துகொண்ட மற்ற விவரங்களிலிருந்து அதைப் பிரிக்கவும் முடியவில்லை.

ஆகவே முதல் வேலை, பிரித்து எழுதுவது. அறிவுசார் சொத்துரிமை பற்றிய உலக வணிக அமைப்பின் டிரிப்ஸ் உடன்படிக்கை, 39-வது பிரிவில், வணிக ரகசியத்துக்கு மூன்று அடையாளம் சொல்கிறது: வெளியில் பரவலாகத் தெரிந்திருக்கக் கூடாது, ரகசியமாக இருப்பதாலேயே அதற்கு ஒரு வணிக மதிப்பு இருக்க வேண்டும், அதைக் காக்க உரிமையாளர் நியாயமான முயற்சி எடுத்திருக்க வேண்டும். மூன்றாவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒரு சாஸின் அளவுகளை எல்லோர் கண்ணிலும் படும்படி சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்துவிட்டு, அது ரகசியம் என்று வாதாடுவது கடினம்.

சரி, அந்த சாஸையே எடுத்துக்கொண்டு எழுதிப் பார்ப்போம்:

"ரகசியத் தகவல் என்பது: (அ) 'ரகசியம்' என்று குறிக்கப்பட்ட செய்முறை ஏடுகளில் உள்ள சேர்மான அளவு, சேர்க்கும் வரிசை, வெப்பநிலை, நேரம், (ஆ) வாடிக்கையாளரின் தொடர்பு விவரம், கொள்முதல் வழக்கம், அவருக்கென்று ஒப்புக்கொண்ட விலை, (இ) சப்ளையர் நமக்குத் தரும் விலை, தள்ளுபடி, கடன் தவணை. பொதுவில் கிடைக்கும் தகவலும், ஊழியரின் பொதுவான கைத்திறனும் அனுபவமும் இதில் அடங்கா."

அந்தக் கடைசி வாக்கியத்தை நீக்கிவிடாதீர்கள். சாஸ் கெட்டியாகும் பதத்தைக் கண்ணால் பார்த்தே சொல்லத் தெரிவது சமையல்காரரின் சொந்தச் சொத்து. அதையும் கேட்டால் பிரிவு முழுவதுமே சந்தேகத்துக்கு இடமாகிவிடும். சட்டமீறலை அதிகாரிகளிடம் புகார் செய்வதற்குத் தடை இல்லை என்பதையும் எழுதிவிடுங்கள்.

கால அளவு மூன்றுக்கும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. செய்முறைக்கு, அது ரகசியமாக இருக்கும்வரை என்று போடலாம். சப்ளையர் விலை சீக்கிரம் பழசாகிவிடும். ஒரு வருடத்துக்கு மேல் கேட்பதில் அர்த்தமில்லை என்பது என் கருத்து.

அப்புறம் ஆள் இழுக்கும் விஷயம். இதைத் தனிப் பிரிவாக வையுங்கள். "விலகிய 6 மாதங்களுக்கு, விலகும் முன் கடைசி 12 மாதங்களில் தன்னுடன் நேரடியாக வேலை செய்தவர்களை வேலையை விட்டு வரும்படி தூண்டக் கூடாது, அந்தக் கடைசி 12 மாதங்களில் தான் நேரடியாகக் கையாண்ட வாடிக்கையாளர்களிடம் போட்டி வியாபாரம் கேட்டுப் போகக் கூடாது." யார், எத்தனை நாள், எந்தச் செயல் மூன்றும் இதில் தெளிவாக இருக்கின்றன. பொது விளம்பரம் பார்த்துத் தானாக விண்ணப்பிக்கிறவர் தூண்டப்பட்டவர் ஆக மாட்டார் என்பதையும் சேர்த்தால் பிற்பாடு சண்டை குறையும். இது ஊழியர் தரும் வாக்குறுதி. இரண்டு முதலாளிகள் தங்களுக்குள் 'உன் ஆளை நான் எடுக்க மாட்டேன்' என்று பேசிக்கொள்வது வேறு. அது போட்டிச் சட்டத்தில் சிக்கும். அமெரிக்க அரசின் நீதித்துறை 2010-இல் ஆப்பிள், கூகுள் உட்பட ஆறு நிறுவனங்கள்மீது இதற்காக வழக்குத் தொடுத்து, அந்த வழக்கத்தை நிறுத்த வைத்தது.

எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 27-இன்படி, ஒருவர் சட்டப்படியான தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது. கலிஃபோர்னியாவிலும் இதே போக்குதான். "இரண்டு வருடம் இதே தொழிலில் இறங்கக் கூடாது" என்ற வரியை ரகசியப் பிரிவுக்குள் நுழைத்தால் அது நிற்காது. வாடிக்கையாளரை அணுகத் தடை சொல்லும் வரியையும் இந்த இரண்டு இடங்களிலும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். செய்முறை ஏட்டையும் விலைப்பட்டியலையும் எடுத்துப்போனதற்கு எதிரான தடை அதைவிட உறுதியானது.

அதனால் கையெழுத்தை வேலையில் சேரும் நாளிலேயே வாங்குங்கள். செய்முறை ஏடு யார் கைக்குப் போனது என்பதற்குத் தேதியோடு ஒரு பதிவேடு வையுங்கள். விலகும் நாளில் ஏடு, பட்டியல், சொந்தக் கைபேசியில் உள்ள நகல் எல்லாவற்றையும் ஒப்படைத்ததாகவோ அழித்ததாகவோ எழுதி வாங்குங்கள்.