காஷன் டெபாசிட்டுக்கு எச்சரிக்கை எதுக்கு?

பாளையங்கோட்டைப் பக்கம் கல்லூரிச் சேர்க்கை நடக்கிற மாசம் வந்தாலே இந்தச் சொல் கண்ணில் படும்: எச்சரிக்கை வைப்பு. சில இடத்தில் எச்சரிக்கைத் தொகை, இன்னும் சில இடத்தில் எச்சரிக்கைப் பணம். 'காஷன் டெபாசிட்' என்பதற்கு யாரோ ஒருத்தர் அகராதியில் முதலில் இருந்த பொருளை எடுத்து எழுதியிருக்கிறார். மற்றவர்கள் அதைப் பார்த்து எழுதுகிறார்கள்.

காஷன் என்பது லத்தீனில் 'பார்த்து நடந்துகொள்' என்ற வினையிலிருந்து பிறந்த சொல். ரோமானியச் சட்டத்தில் அது, ஒருவர் தன் கடமைக்குப் பொறுப்பேற்றுக் கொடுக்கும் உறுதியைக் குறித்தது. பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் பிணை, ஈடு என்றுதான் பொருள். ஜாக்கிரதை, எச்சரிக்கை என்ற பொருளெல்லாம் முந்நூறு வருசம் கழித்து ஏறியது. பிரான்சில் இன்றைக்கும் வாடகை வீட்டுக்குக் கொடுக்கும் அட்வான்ஸை இந்தச் சொல்லால்தான் சொல்கிறார்கள். ஆக, காஷன் டெபாசிட் என்கிறபோது அதில் யாரும் யாரையும் எச்சரிக்கவில்லை. சேதம் வந்தால் பிடித்துக்கொள்ள ஒரு தொகை. வராவிட்டால் அது உன் காசு.

இது என்ன பெரிய தப்பா என்று கேட்கிறவர்களுக்காக என் தங்கச்சி மகன் கதையைச் சொல்கிறேன். நாங்குநேரிப் பக்கத்துக் கிராமம். தமிழ் வழியில் படித்துவிட்டு டவுனுக்கு வந்து விடுதியில் சேர்ந்தவன். சேர்ந்த புதிதில் நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம். கூட்டத்தில் கூட்டாளிகளைத் தொலைத்துவிட்டு, பஸ்ஸும் கிடைக்காமல், ஒன்பது மணிக்குள் வரவேண்டியவன் பத்தரைக்கு வந்திருக்கிறான். வார்டன் வாசலிலேயே நின்று, "இது முதல் எச்சரிக்கை, பாத்துக்கோ" என்று சொல்லி உள்ளே விட்டார்.

மறுநாள் காலை அறிவிப்புப் பலகையில் இப்படி ஒட்டியிருந்தது: 'எச்சரிக்கை வைப்பு ரூ. 3000 உடனடியாகச் செலுத்தப்பட வேண்டும். குறைப்புகளுக்கு உட்பட்டு மீள அளிக்கப்படக்கூடியது.'

பையன் வாசித்ததைத் தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. நேற்று எச்சரிக்கை வைத்தார்கள், இன்று அதற்கு மூவாயிரம் கேட்கிறார்கள். 'மீள அளிக்கப்படக்கூடியது' என்பதை, எச்சரிக்கை மறுபடியும் கொடுக்கப்படலாம் என்று எடுத்துக்கொண்டான். அடுத்த தேருக்கு இன்னொரு மூவாயிரம்! 'குறைப்புகளுக்கு உட்பட்டு' என்றால் ஒழுங்காக இருந்தால் அடுத்த தடவை தொகை குறையும்போல. தமிழ் இலக்கணப்படி அவன் படித்ததில் ஓட்டை இல்லை. பணத்தைத் திருப்பித் தருவோம் என்கிற ஒரே நல்ல சேதியை, மிரட்டலாக எழுதிவைத்தவர்கள் அவர்கள்.

அப்பாவிடம் சொல்லப் பயந்து, மேலப்பாளையத்தில் இருக்கும் அத்தையிடம் கைமாற்று வாங்கினான். பணத்தோடு ஒரு மன்னிப்புக் கடிதமும் எழுதிக் கொடுத்தான்: 'எச்சரிக்கைத் தொகையை இத்துடன் செலுத்துகிறேன். இனிமேல் தேருக்குப் போக மாட்டேன்.' அலுவலகத்தில் கடிதத்தைப் படிக்காமலே கோப்பில் வைத்துவிட்டு ரசீது போட்டார்கள். அபராத ரசீது வீட்டார் கண்ணில் படக்கூடாது என்று பையன் அதைக் கிழித்துப் போட்டுவிட்டான்.

மூன்று வருசம் கழித்து விடுதியைக் காலி பண்ணுகிற அன்றைக்குத்தான் வெளிச்சம். "ஏலே, டெபாசிட்ட வாங்கிட்டியா?" என்று அப்பா கேட்டார். "எந்த டெபாசிட்டுப்பா?" என்றான். பக்கத்து அறைப் பையன் நோட்டை எண்ணிக்கொண்டு வந்தபிறகுதான் புரிந்தது. ரசீது இல்லை. நல்லவேளை, பேரேட்டில் பெயர் இருந்தது. ரசீது தொலைந்ததாக வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, உடைந்த ஃபேன் ரெகுலேட்டருக்கு நானூறு கழித்து இரண்டாயிரத்து அறுநூறு கொடுத்தார்கள். "அவிய எழுதுனதுல தப்பு இல்ல மாமா, எனக்குத்தான் வெளங்கல" என்று என்னிடம் சொன்னான். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எச்சரிக்கை வைப்புக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் இரண்டு நியாயம் சொல்வார்கள். ஒன்று, அது தூய தமிழாம். எச்சரிக்கையே கன்னடம், தெலுங்குப் பக்கத்து உறவுக்காரச் சொல். கன்னடத்தில் எச்சர என்றால் விழிப்பு. தூய்மை பேசுகிறவர்கள் தங்கள் சொல்லின் ஊரையாவது விசாரித்திருக்கலாம். நமக்கு அது பழகிய சொல், அதில் எனக்குச் சண்டை இல்லை. சண்டை இடம் மாறி உட்கார்ந்திருப்பதில்தான்.

இரண்டாவது, பணம் கட்டிவைத்தால் பையன்கள் எச்சரிக்கையாக இருப்பார்களாம், அதனால் பெயர் பொருந்துகிறதாம். அப்படிப் பார்த்தால் தேர்தலில் நிற்கிறவர் கட்டுவதையும் எச்சரிக்கைத் தொகை என்க வேண்டும். சட்டமன்றத்துக்குப் பொதுத் தொகுதி வேட்பாளர் 10,000 ரூபாய் கட்டுகிறார். தோற்றவர் செல்லும் ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கியிருந்தால்தான் அது திரும்பும். 'டெபாசிட் காலி' என்று டீக்கடையில் எவரும் சொல்லுவார். திரும்பும் பணம், நிபந்தனை தவறினால் போகும் பணம் என்று அந்தச் சொல்லிலேயே அவருக்கு விளங்குகிறது. இலங்கைத் தமிழர் இதையே கட்டுப்பணம் என்கிறார்கள், அழகான சொல். கேஸ் சிலிண்டருக்குக் கட்டுவதும் டெபாசிட்தான், சிலிண்டரை ஒப்படைத்தால் காசு வரும். மக்கள் வாயில் இத்தனை தெளிவாக இருக்கிற ஒன்றை மொழிபெயர்ப்பாளர் கை பட்டதும் குழம்பிப்போவது எப்படி? வாக்கியத்தைப் படிக்காமல் சொல்லுக்குச் சொல் மாற்றுவதால்தான். யார் பணம், யார் கையில் இருக்கும், எப்போது திரும்பும் என்று ஒரு நிமிசம் யோசித்தவர் எச்சரிக்கை என்று எழுதியிருக்க மாட்டார்.

என் ஓட்டு பிணைத்தொகைக்கு. பிணை என்றால் கட்டு. தாமிரபரணிப் பாசன ஊர்களில் முன்பு களத்தில் கதிரை மிதிக்க மாடுகளை ஒன்றோடொன்று கட்டி ஓட்டுவார்கள். அந்த மாட்டு வரிசைக்குப் பிணையல் என்று பெயர். ஒரு மாடு தனியாக விலக முடியாது. பிணை நிற்கிறவனும் அப்படித்தான், அடுத்தவன் பொறுப்போடு தன்னைக் கட்டிக்கொள்கிறான். விடுதியில் பையனுக்குப் பதிலாக அவன் பணம் கட்டுண்டு நிற்கிறது.

பிணை என்றால் ஜாமீன், ஜெயில் வாடை அடிக்குமே என்று ஒரு தமிழாசிரியர் சொன்னார். அந்தக் கவலை நியாயம்தான். காப்புத்தொகை என்று வைக்கலாமே என்றார். அதைக் காப்பீட்டோடு குழப்பிக்கொண்டு, காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிச் செலவு கிடைக்குமா என்று கேட்பார்கள். வெறும் வைப்புத்தொகை என்றால் வட்டி எவ்வளவு என்பார்கள். முன்பணம் என்றால் விடுதிக் கட்டணத்தில் கழியும் என்று நினைப்பார்கள். பிணையில் ஜெயில் வாடை இருந்தாலும், கட்டிய பணம் திரும்பும் என்ற பொருளும் கூடவே இருக்கிறது; ஜாமீன் தொகை திரும்பும் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விசயம்.

எந்தச் சொல்லைப் போட்டாலும் 'அளிக்கப்படக்கூடியது' மட்டும் வேண்டாம். இப்படி ஒட்டினால் போதும்: 'பிணைத்தொகை (டெபாசிட்) ரூ. 3000. அறையைக் காலி செய்யும்போது, சேதம் இருந்தால் அதற்கான தொகை போக, மீதியைத் திருப்பித் தருவோம். ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கவும்.'